இயர்போன் விலையை எத்தனை வருஷத்தால் வகுப்பீர்கள்?

இயர்போன் வாங்க யோசனை கேட்பவர்கள் எல்லாரும் ஒரு தொகையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். "ரெண்டாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணா." நானும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை வருஷத்துக்கு?" பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். இயர்போன் எல்லாம் வருஷக் கணக்கில் வருமா என்ன, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது இப்போது பொதுவான எண்ணமாகிவிட்டது. வருடத்துக்கு ஒன்று என்று இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை வாங்குகிறவர், ஐந்து வருடத்தில் பத்தாயிரம் செலவழித்திருப்பார். அந்தப் பணத்தை ஒரே தடவையில் கேட்டால் "அவ்வளவு விலையா?" என்று பின்வாங்குபவரும் அவரேதான்.

நான் பொருளைப் பார்க்கும் முறை இதுதான். இதில் முதலில் கெடப்போகும் பாகம் எது? அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? மாற்ற எவ்வளவு ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அட்டையில் அச்சிட்ட விலைக்குப் பின்னால் இருக்கிற நிஜ விலை தெரிந்துவிடும். ஒலித்தரம் முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் பேட்டரி. இந்தக் காலத்து இயர்போன்களின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

காதில் தனித்தனியாகச் செருகும் ஒயர் இல்லாத இயர்பட்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 40 முதல் 60 மில்லிஆம்பியர்-மணி வரைக்கும்தான் இருக்கும். நம் செல்போனில் இருப்பது 5000. இந்தச் சின்னப் பேட்டரி ஒரு தடவை சார்ஜ் ஏறினால் ஐந்தாறு மணி நேரம் பாடும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் '40 மணி நேரம்' என்று போட்டிருப்பது, கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. அதுவும் சத்தத்தைப் பாதியில் வைத்து, வெளிச்சத்தத்தை அடக்கும் ஏஎன்சி வசதியை அணைத்துவிட்டு எடுத்த கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், ஒரே சார்ஜில் எத்தனை மணி நேரம் என்ற எண்ணை மட்டும்தான்.

இந்த மாதிரிப் பொருட்களில் வைக்கும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் சுமார் 300 முதல் 500 தடவை முழுதாகக் காலியாகி நிரம்பிய பிறகு அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். தினம் ஆறு மணி நேரம் கேட்கிற ஒருவர். அவருடைய இயர்பட்ஸ் ஆறு மணி நேரம் தாங்கும் என்றால் தினம் ஒரு முழுச் சுற்று. ஒன்றரை வருடத்துக்குள் ஐந்நூறு சுற்று முடிந்துவிடும். அதே ஆள் கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் வைத்திருக்கிறார், அது ஒரு சார்ஜில் 24 மணி நேரம் தாங்கும் என்றால் நாலு நாளைக்கு ஒரு சுற்று. வருடத்துக்குத் தொண்ணூறு சொச்சம். ஐந்நூறைத் தொட ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். தலையில் மாட்டும் பெரிய ப்ளூடூத் ஹெட்போன் நாற்பது மணி நேரம் தாங்கினால் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு சுற்று. கணக்குப்படி ஒன்பது வருடத்துக்கு மேல் வரும். நிஜத்தில் அவ்வளவு வராது. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயசாகும், நம் ஊர் வெக்கையில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆகும். ஆனாலும் நாலைந்து வருடம் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

மூன்றிலும் இருப்பது ஒரே ரசாயனம், கேட்பவரும் ஒரே ஆள். பேட்டரியின் அளவு ஒன்றுதான் வித்தியாசம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்பட்ஸிலும் இருபதாயிரம் ரூபாய் இயர்பட்ஸிலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றேதான். காதுக்குள் போகிற பொருளில் அதற்கு மேல் பேட்டரி வைக்க இடமில்லை. விலை உயர்ந்ததில் சுற்று கொஞ்சம் மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இயர்பட்ஸ் கேஸுக்குள் இருக்கும்போதெல்லாம் நூறு சதவீதம் நிரம்பியே கிடக்கும். லித்தியம் பேட்டரிக்கு முழுதாக நிரம்பிக் கிடப்பதும் சூடும் சேர்ந்தால் ஆகாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும் பைக்கின் டேங்க் கவரிலும் கேஸைப் போட்டு வைப்பவர்களுக்கு மேலே சொன்ன ஒன்றரை வருடம்கூட நிச்சயமில்லை.

பேட்டரி தளர்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்துவிட்டு, சத்தத்தைப் பாதியில் வைத்து, நிற்காமல் பாடவிடுங்கள். ஒரு பக்கம் இன்னொன்றைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே நின்றால் அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. போன் பேச ஒரே பக்கத்தை மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு எப்போதும் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். இரண்டாவது அடையாளம் இன்னும் தெளிவானது. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அழைப்பு வந்து எடுத்ததும் 'பொசுக்'கென்று அணைந்துவிடும். பேசும்போது மைக்கும் சேர்ந்து வேலை செய்வதால் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. வயசான பேட்டரியின் உள்தடை ஏறியிருப்பதால் அதன் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அறுபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று பத்துக்குத் தாவுவதற்கும் இதே காரணம்தான்.

சரி, அந்தப் பேட்டரியை மாற்ற முடியாதா? முடியும், ஆனால் மாற்ற மாட்டார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பொத்தான் வடிவப் பேட்டரி. பரவலாகப் பயன்படும் ஒரு அளவு 1254. அதாவது 12 மில்லிமீட்டர் அகலம், 5.4 மில்லிமீட்டர் உயரம். அதைத் தேடிப் பிடித்து வாங்கிவிடலாம். ஆனால் பட்ஸின் ஓடு பசை போட்டு ஒட்டியிருக்கும். சூடுகாட்டி, மெல்லிய தகட்டால் நெம்பித் திறக்க வேண்டும். பேட்டரி மீது நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும் என்பதால் தகடு ஏற்கெனவே வெல்டு செய்த பேட்டரிதான் வேண்டும். திரும்ப ஒட்டிய பிறகு வியர்வை, தண்ணீர் உள்ளே போகாது என்ற உத்தரவாதம் காலி. இவ்வளவு வேலையும் இரண்டு பக்கத்துக்கும் செய்ய வேண்டும். கூலி சேர்த்தால் புது இயர்பட்ஸ் விலை வந்துவிடும். சர்வீஸ் கடைக்காரர் "வேஸ்ட் சார், புதுசே வாங்கிக்குங்க" என்பது சோம்பலால் அல்ல.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் தொழில்நுட்பத்தில் இல்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸ் இயர்பட்ஸில் இரண்டு பட்ஸின் பேட்டரியையும், கேஸின் பேட்டரியையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம், கையடக்கப் பொருட்களில் இருக்கும் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் இந்த விதி நடைமுறைக்கு வருகிறது. அங்கே விற்பதற்காக வடிவத்தை மாற்றினால் அதே பொருள் இங்கேயும் வரும் என்று நான் கொஞ்சம் நம்பிக்கையோடு இருக்கிறேன். அதுவரைக்கும் இயர்பட்ஸ் என்பது இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுக்கும் பொருள் என்று நினைத்து விலையைப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய் என்றால் வருட வாடகை ஆயிரத்து ஐந்நூறு. அது கட்டுப்படியாகிறது, ஒயர் இல்லாத வசதி பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம்; நான் குறுக்கே நிற்கப்போவதில்லை.

நெக்பேண்டை இப்போது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் உணவு டெலிவரி செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், குடோன் மேற்பார்வையாளர்கள் என்று நாள் முழுக்கக் காதில் வைத்திருக்க வேண்டியவர்கள் கழுத்தில் பாருங்கள், அதுதான் தொங்கும். சட்டைப்பையிலிருந்து விழுந்து தொலையாது, நாள் முழுக்க சார்ஜ் நிற்கும், ஐந்து நிமிஷம் செருகினால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். கழுத்தில் உட்காரும் இரண்டு தடித்த முனைகளில் ஒன்றில் பேட்டரியும் இன்னொன்றில் போர்டும் இருக்கும். மூடியை நெம்பினால் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது இரண்டு ஒயர் கொண்ட தட்டைப் பை பேட்டரி. அதே அளவில் வேறொன்றைப் பிளஸ் மைனஸ் பார்த்து ஈயம் வைத்தால் முடிந்தது. செல்போன் சர்வீஸ் கடைகளில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் செய்துவிடுவார்கள். இதில் பேட்டரிக்கு முன்னால் போவது, பட்டையிலிருந்து காதுக்கு ஒயர் கிளம்பும் முனை. அங்கே ரப்பர் உறை தடிமனாக, வளைந்துகொடுக்கும்படி இருக்கிறதா என்று வாங்கும்போதே விரலால் வளைத்துப் பாருங்கள். ஒயர் நேராக பிளாஸ்டிக் துளைக்குள் போனால் அது நாளடைவில் அங்கேயே அறுந்துவிடும்.

பெரிய ஹெட்போனுக்கு வேறு பிரச்சினை. பேட்டரிக்கு முன்னால் காது மெத்தை உரியும். மலிவானவற்றிலும் நடுத்தர விலையிலும் மெத்தைக்கு மேல் போர்த்தியிருப்பது தோல் மாதிரி தெரியும் பாலியூரித்தேன். ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். கறுப்புத் துகளாக உதிர்ந்து காதுமடலில் ஒட்டும். சென்னை, கடலூர் மாதிரிக் கடற்கரை ஊர்களில் இரண்டு வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். எனவே ஹெட்போன் வாங்குமுன் அதே மாடலுக்கு மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று இணையக் கடையில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஐந்நூறு ரூபாயில் புதுசு ஆகிவிடும். மெத்தையின் தடிமன் மாறினால் ஒலியும் கொஞ்சம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மடக்கும் கீல். தலைக்கு மேல் போகும் பட்டையும் காதுக்கிண்ணமும் சேரும் இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் அங்கேதான் விரிசல் விழும். எஃகுத் தகடு உள்ளே ஓடுகிறதா என்பதைப் பட்டையை இழுத்து நீட்டினாலே பார்த்துவிடலாம். கடைசியாக, 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா? இருந்தால், பேட்டரி செத்த பிறகும் ஒயர் செருகிக் கேட்கலாம். சில மாடல்களில் துளை இருந்தும் பேட்டரி இல்லாமல் வேலை செய்யாது. ஹெட்போனை அணைத்துவிட்டு ஒயர் மட்டும் செருகிப் பாட்டு வருகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம்.

ஸ்டூடியோக்காரர்கள் இதையெல்லாம் ரொம்ப காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள். சோனியின் எம்டிஆர் 7506 மாடல் 1991இல் வந்தது, இன்னும் விற்கிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் 1988இல் கொண்டுவந்த ஹெச்டி 25இன் ஒயர், மெத்தை, தலைப்பட்டை, ஒலிப்பான் எல்லாமே தனித்தனி உதிரிபாகமாகக் கிடைக்கும். தினம் காசு சம்பாதித்துக் கொடுக்கும் கருவியை யாரும் தூக்கி எறிய விரும்ப மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இனி ஒலித்தரம். இங்கேதான் விலை நம்மை அதிகமாக ஏமாற்றுகிறது. ஜெரோன் பிரீபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களை அளந்து, அவை தாழ்சுருதி முதல் உச்சசுருதி வரை ஒலியை எந்த அளவில் தருகின்றன என்பதை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே முடிவு இருக்கிறது: இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒலி எப்படிக் கேட்கிறது என்பதில் இந்த அதிர்வெண் அமைப்புக்குத்தான் பெரிய பங்கு. கூடுதல் விலை எங்கே போகிறது என்றால் ஏஎன்சி, நல்ல மைக், செயலி, உலோக உடல், விளம்பரம் ஆகியவற்றுக்கு. அவையும் சிலருக்குத் தேவைதான். அடிக்கடி விமானத்தில் போகிறவருக்கு ஏஎன்சி பெரிய நிம்மதி. ஆனால் "அதிக விலை, அதனால் பாட்டு நன்றாக இருக்கும்" என்று கூட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

சரி, பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பது? காதால்தான். காதுக்குள் செருகும் வகையாக இருந்தால் முதலில் ரப்பர் முனை சரியாக அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துளி இடைவெளி இருந்தாலும் தாழ்சுருதி அத்தனையும் கசிந்துவிடும். பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும். "இதுல பேஸே இல்ல" என்று திட்டு வாங்கும் இயர்போன்களில் பாதிக்கு ஒரு அளவு பெரிய முனை போட்டாலே சரியாகிவிடும். கூட வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் என்று சட்டமில்லை.

அடுத்து, கடைக்காரர் போடுகிற 'தும் தும்' பாட்டை விட்டுவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். நான் எண்பதுகளின் இளையராஜா பாட்டில் ஒன்றைத்தான் போடுவேன். அவர் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு மட்டும் துணையாக நிற்காமல், தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே போகும். அந்த ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து ஒரே உறுமலாக இருக்கிறதா? உறுமலாக இருந்தால் அது பேஸை ஏற்றி விற்கிற பொருள். பிறகு பெண்குரலில் 'ச', 'ஸ' வரும் இடங்கள். அங்கே ஊசி குத்துவது போல இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்வது ரொம்ப முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'நல்லா' இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

ஒலிக்கும் ஆயுளுக்கும் ஒருசேர மலிவாகக் கிடைப்பது எது என்று கேட்டால் என் ஓட்டு ஒயர் தனியாகக் கழறும் இயர்போனுக்குத்தான். கேஇசட், மூன்டிராப், செவன்ஹெர்ட்ஸ் மாதிரியான சீன நிறுவனங்கள் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கிறவை. ஒயர் இயர்போனில் முதலில் கெடுவது ஒயர்தான், அதிலும் ஜாக்கை ஒட்டிய இரண்டு அங்குலம். காதில் உட்காரும் பாகம் பல வருடம் அப்படியே இருக்கும். அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. மூன்டிராப்பின் சூ மாடலே இதற்கு உதாரணம். முதலில் வந்ததில் ஒயர் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. 2023இல் வந்த சூ 2இல் ஒயரைக் கழற்றலாம், விலை ஏறக்குறைய அதேதான். இரண்டில் எதை வாங்குவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாங்கும்போது 0.78 மில்லிமீட்டர் இரட்டை ஊசி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது பரவலான அளவு, நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு மாற்று ஒயர் எங்கும் கிடைக்கும்.

இதில் கோளாறு கண்டுபிடிப்பதும் சுலபம். இடது பக்கம் பாடவில்லையா? இடது காதுப்பாகத்தையும் வலது காதுப்பாகத்தையும் ஒயரில் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போதும் ஒயரின் இடது முனைதான் ஊமை என்றால் கெட்டது ஒயர். ஊமைத்தனம் காதுப்பாகத்தோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு அதற்குள். அப்போதும் அவசரப்பட வேண்டாம். முனையில் இருக்கும் வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பத்தில் பல தடவை குற்றவாளி காதுக்குறும்பி. வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் சத்தம் திரும்பிவிடும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். இயர்பட்ஸுக்கும் இதே வைத்தியம்தான்.

ஒயர் நிரந்தரமாக ஒட்டிய இயர்போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பாட்டை ஓடவிட்டு ஜாக் அருகில் ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் அறுந்த இடம் அதுதான். அதற்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டிவிட்டுப் புது ஜாக் வைக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் ஜாக் முப்பது, நாற்பது ரூபாய். உள்ளே இருக்கும் செம்பு இழைகளின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைச் சூடான சால்டரிங் முனையால் ஈயத்தோடு சேர்த்து எரித்துவிடாவிட்டால் ஈயம் ஒட்டாது. சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது இணைப்பு. மைக் இருந்தால் நாலு இணைப்பு உள்ள ஜாக் வேண்டும், மூன்று இணைப்பு உள்ளதை வாங்கினால் மைக் போய்விடும். ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே ஜாக்கின் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள்.

போன மாதம் என் அக்கா மகள் கோவையிலிருந்து கூப்பிட்டாள். கல்லூரி ஹாஸ்டல், கையில் மூவாயிரம் ரூபாய், பார்த்து வைத்திருந்தது இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஏஎன்சி இயர்பட்ஸ்.

"எதுக்கெல்லாம் போடுவ கண்ணு?" என்று கேட்டேன்.

"ராத்திரி லேப்டாப்ல பாட்டு, படம். இன்டர்ன்ஷிப் மீட்டிங் தினம் ஒரு மணி நேரம். அப்புறம் ஊருக்கு வரப்ப பஸ்ல."

"போன்ல ஜாக் ஓட்டை இருக்கா?"

"இல்லைங் மாமா. லேப்டாப்ல இருக்கு."

நான் போட்ட கணக்கு இது. அவள் சொன்ன இயர்பட்ஸ் இரண்டு வருடம் வந்தால் வருடத்துக்கு ஆயிரத்து நானூறு. கழறும் ஒயர் இயர்போன் ஆயிரத்து அறுநூறு, போனில் செருக டாங்கிள் தொள்ளாயிரம், நாலு வருடத்தில் இரண்டு மாற்று ஒயர் ஆயிரம், ரப்பர் முனைகள் இருநூறு. மொத்தம் மூவாயிரத்து எழுநூறு, வருடத்துக்கு ஆயிரம்கூட இல்லை. டாங்கிளுக்கு எதற்கு அவ்வளவு என்று கேட்பீர்கள். நூற்றைம்பது ரூபாய் டாங்கிளில் பலவும் வெறும் ஒயர். டிஜிட்டல் சமிக்ஞையை ஒலியாக மாற்றும் டாக் சிப் உள்ளே இருக்காது. போன் தானே ஒலியைச் சார்ஜ் துளை வழியாக அனுப்பினால்தான் அது பாடும், நிறையப் போன்கள் அனுப்புவதில்லை.

"பஸ்ல நின்னுட்டு ஒயரும் டாங்கிளும் தொங்க விட்டுட்டு வர முடியாதுங் மாமா," என்றாள். அதுவும் நியாயம்தான். கூட்டத்தில் யாராவது கைப்பையை இழுத்தால் டாங்கிளோடு போனின் துளையும் ஆடிப்போகும்.

அவளுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் மீட்டிங் பற்றியது. ப்ளூடூத்தில் பாட்டு கேட்பதற்கு ஒரு பாதை, பேசுவதற்கு வேறொரு பாதை. லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கி, இயர்பட்ஸின் மைக் இயங்க ஆரம்பித்ததும் பேச்சுப் பாதைக்கு மாறிவிடும். காதில் கேட்கும் ஒலியும் பழைய டெலிபோன் மாதிரி சுருங்கிவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலானவற்றில் இதுதான் கதை. மீட்டிங் அமைப்புகளில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் காதுக்கு வரும் ஒலி பழையபடி இருக்கும். ஒயரில் இந்தச் சிக்கலே கிடையாது. படம் பார்க்கும்போது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்ற தாமதமும் கிடையாது.

கடைசியில் பணத்தை இரண்டாகப் பிரித்தோம். லேப்டாப்புக்கு மைக் வைத்த, ஒயர் கழறும் இயர்போன் ஆயிரத்து அறுநூறு. லேப்டாப்பில் துளை இருப்பதால் டாங்கிள் தேவையில்லை. பஸ்ஸுக்கும் நடைக்கும் ஆயிரத்து முந்நூறுக்கு நெக்பேண்ட். ஏஎன்சி போனது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையே பஸ் இரைச்சலில் ஓரளவைத் தடுத்துவிடும் என்றேன். பஸ் இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், அதை அடக்க ஏஎன்சிதான் வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். நெக்பேண்டுக்கு மூன்றாவது வருடம் ஒரு பேட்டரி மாற்றினால்கூட இரண்டு பொருளும் சேர்ந்து அந்த இயர்பட்ஸைவிட மலிவாகவே வரும்.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விலையில் வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம்தான், அதுவும் பழுது பார்த்துத் தருவதில்லை, பொருளையே மாற்றித் தருவார்கள். பேட்டரி தேய்வதும் ஒயர் அறுவதும் பல நிறுவனங்களின் வாரண்டிக்குள் வராது. வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று மட்டுமே பொருள், சார்ஜிங் கேஸுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. வியர்வையோடு பட்ஸைக் கேஸில் போட்டால் சார்ஜ் ஏறும் முனைகளில் பச்சை பூத்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் தொடக்கத்தில் போகும். நியாயமான வாரண்டியைத் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதற்குப் பில் வேண்டும். கடைகளில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிட்டது, வாரண்டி முடிவதற்கு முன்பே எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.